சகட யோகம்: எண்ணும் திசையும் ஐயமும்

சந்திரனுக்கு ஆறு, எட்டு, பன்னிரண்டாம் இடங்களில் குரு நிற்பது சகட யோகம் என்பர். வண்டிச் சக்கரம்போலச் செல்வம் ஏறி இறங்கும் என்பது அதன் பலன். 1986 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்த ஓட்டப்பிடாரம் வட்டாரத்திலும் ஜாதகம் பார்ப்போர் கூறும் எச்சரிக்கை இது. எனினும், நெல்லையைச் சார்ந்தவராகக் கருதப்படும் மந்திரேசுவரரின் பலதீபிகை, குருவிலிருந்தே சந்திரனை எண்ணுகிறது. ஆறும் எட்டும் திசை மாறினும் தம்முள் இடம் மாற்றிக்கொள்வதால் வேறுபாடு தோன்றாது. சிக்கல் பன்னிரண்டில்தான். குரு கடகத்தில் நிற்கச் சந்திரன் மிதுனத்தில் இருப்பின், அந்நூற்படி அது சகடம். வழக்கு விதிப்படி குரு இரண்டாமிடத்தினர், ஆகவே சகடம் இல்லை. சந்திரன் சிம்மத்தில் இருப்பின் முடிவு தலைகீழாகும்.

இரண்டாமிடத்துக் குரு சுனபா யோகத்தையும், பன்னிரண்டாமிடத்துக் குரு அனபா யோகத்தையும் தருவதாக வராகமிகிரர் நற்பலன் கூறுகிறார். ஆறு, ஏழு, எட்டில் சுபர் நிற்பது அதியோகம். அதில் குருவும் அடங்குவார். ஆக, அஞ்சப்படும் இடங்கள் அனைத்தும் வேறோரிடத்தில் போற்றப்பட்டவையே.

பன்னிரண்டில் மூன்று இடங்கள் என்பதால் பிறப்புகளில் ஏறத்தாழக் கால்பங்கு இவ்விதியில் அகப்படும். லக்கினத்துக்குக் கேந்திரத்தில் சந்திரன் நின்றால் சகடம் இல்லை எனப் பலதீபிகையே விலக்களிக்கிறது; அவ்விலக்கைக் கழித்தாலும் ஆறில் ஒருவர் எஞ்சுவர்.