லண்டனுக்குப் போகும்போது ‘ங்க’ எங்கே போனது? நெல்லை ஐடி ஊழியர்களுக்கு ஒரு மெசேஜ் பாடம்

“டிசைன் தப்பா இருக்கு. இன்னிக்கே மாத்தி அனுப்புங்க.”

திருநெல்வேலியில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். “சரி அண்ணாச்சி” என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இதையே ஆங்கிலத்தில் ‘டிசைன் இஸ் ராங். ப்ளீஸ் சேஞ்ச் அண்ட் செண்ட் டுடே’ என்று லண்டனில் இருப்பவருக்குத் தட்டிவிட்டால், அங்கே முகம் சுருங்கிவிடும். ‘ப்ளீஸ்’ போட்டும் ஏன் இப்படி?

கங்கைகொண்டான் ஐடி பூங்கா, தென்காசி அருகே மத்தளம்பாறையில் உள்ள ஜோஹோ அலுவலகம் என்று தாமிரபரணிப் பக்கமே ஐடி வேலை வந்துவிட்ட காலம் இது. ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டுக்காரர்களுடன் மெயிலிலும் சாட்டிலும் பேசும் எவருக்கும் இந்தக் கேள்வி வரலாம்.

மரியாதை எங்கே தொலைகிறது?

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. ‘அனுப்பு’ என்பது கட்டளை. ‘அனுப்புங்க’ என்றால் அதே கட்டளை மரியாதையாகிவிடுகிறது. ஆங்கில ‘செண்ட்’டுக்கு அந்த வால் கிடையாது. மொழிபெயர்க்கும்போது ‘ங்க’ உதிர்ந்து, கட்டளை மட்டும் போய்ச் சேர்கிறது. ‘ப்ளீஸ்’ சேர்த்தாலும் பிரிட்டிஷ் காதுக்கு அது பல நேரங்களில் கட்டளையாகத்தான் கேட்கும். அவர்களுடைய மரியாதை கேள்வி வடிவில் இருக்கிறது: ‘குட் யூ...?’, ‘வுட் இட் பி பாசிபிள்...?’

பெனலபி பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, மக்கள் எப்படிப் பணிவாகப் பேசுகிறார்கள் என்பதைப் பற்றியது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோவை மாவட்டக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். அந்த ஆய்வின் மையச் சொல் ‘ஃபேஸ்’, அதாவது முகம். நாமும் ‘முகத்தில் அடித்த மாதிரி பேசினான்’ என்றுதானே சொல்கிறோம்!

மெசேஜை மாற்றுவது எப்படி?

மேலே சொன்ன மெசேஜையே எடுத்துக்கொள்வோம். சின்னத் திரை உள்ள போனில் லாகின் பட்டன் மறைகிறது. திங்கட்கிழமை ஆப் வெளியாக வேண்டும். மாற்றி எழுதினால், அதன் சாரம் இப்படி இருக்கும்:

“புது டிசைனுக்கு நன்றி. 5 இன்ச் போனில் பார்த்தபோது லாகின் பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். இதைச் சரிசெய்து தர முடியுமா? திங்கட்கிழமை வெளியீடு என்பதால், வியாழன் மாலை உங்கள் நேரம் 5 மணிக்குள் எங்களுக்குத் தேவை.”

இங்கே மூன்று விஷயங்கள் மாறியிருக்கின்றன. ‘தப்பு’ என்ற தீர்ப்பு போய், கண்ணால் பார்த்தது வந்திருக்கிறது. அதனால் குறை டிசைனரின் மேல் இல்லை, பட்டனின் மேல் இருக்கிறது. ‘மாத்துங்க’ என்ற கட்டளை கேள்வியாகியிருக்கிறது. அவசரத்துக்குக் காரணமும் கூடவே இருக்கிறது.

கெடுவை மட்டும் மென்மையாக்கவில்லை. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று எழுதியிருந்தால், அவர் அடுத்த வாரம்தான் திறந்து பார்ப்பார். அவர் ஊர் நேரத்தில் சொல்வதும் முக்கியம். லண்டன் மாலை 5 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30.

பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும்

மென்மையாகப் பேசுகிறவர்கள் குறையையும் மென்மையாகவே சொல்வார்கள். பிரிட்டிஷ்காரர் ‘சில சின்னக் கருத்துகள்’ என்று சொல்லி, பாதி வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கலாம். ஜப்பானியர் ‘கொஞ்சம் கஷ்டம்’ என்றால் பெரும்பாலும் ‘முடியாது’ என்று அர்த்தம். நமக்கும் இது புதிதல்ல. கடன் கேட்கப் போன இடத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மெசேஜ் கடுமையாகப் போயிருந்தால் அதற்கும் அறிகுறி உண்டு. நீளமாகப் பதில் எழுதியவர் திடீரென ‘நோட்டட்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவார். அல்லது அடுத்த மெயிலில் மேனேஜரையும் சேர்த்துவிடுவார். மாறாக, ‘நன்றி, மனதில் வைத்துக்கொள்கிறேன்’ என்று இனிமையான பதில் வந்து வேலை மட்டும் நடக்கவில்லை என்றால், மெத்தை அதிகமாகி விஷயம் உள்ளே புதைந்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லா நாட்டுக்கும் இந்த மெத்தை தேவையில்லை. நெதர்லாந்து, ஜெர்மனிக்காரர்களில் பலர் நேரடிப் பேச்சையே விரும்புவார்கள். அவர் உங்களுக்கு எழுதிய கடைசி நான்கைந்து மெயில்களைப் பாருங்கள். அவர் எப்படிக் கேட்கிறாரோ, அதுதான் அவருக்குப் பிடித்த அளவு.

செண்ட் பட்டனை அழுத்தும் முன், மெசேஜில் உள்ள நன்றியையும் ‘முடியுமா’வையும் மனதுக்குள் நீக்கிவிட்டு ஒருமுறை படியுங்கள். என்ன பிரச்னை, யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற மூன்றும் மிஞ்சினால், தாராளமாக அனுப்பலாம்.