பீரோவுக்குப் பின்னால் பூசணம்!

ஐப்பசி மழையில், மதுரையில் எங்கள் வீட்டு பீரோவை நகர்த்தினோம். பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். அங்கே சாத்தியிருந்த தாத்தாவின் கல்யாணப் போட்டோ பாழ். "ஓதம் ஏறிருச்சுடா" என்றார் அம்மா. கூரை ஒழுகவில்லையே, ஈரம் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான்!

30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 21 கிராம் இருந்தால் ஒப்பு ஈரப்பதம் 70 சதவீதம். இரவில் சுவர் 24 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதை ஒட்டிய காற்று 22 கிராம்தான் தாங்கும். அதே 21 கிராம் இப்போது 95 சதவீதம்! 80-க்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் பூசணம் வளரும்.

நாங்கள் ஈரத்துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டோம். அந்தத் தண்ணீரும் காற்றில்தானே சேரும்? இப்போது துணி வராண்டாவில். பீரோ சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி. மழை வெறித்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறோம். மழையில் திறந்தால் வெளிக்காற்றும் ஈரம், பயன் குறைவு.

ஈரநீக்கி இயந்திரத்தில் காற்று குளிர்ந்த குழாயில் படும். ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல் நீர் பிரிந்து தொட்டியில் சேரும். ஏ.சி.யில் சொட்டுவதும் இதேதான். ஜன்னலைச் சாத்திட்டுத்தான் ஓட்டணும்!

உங்க வீட்டு பீரோவுக்குப் பின்னாடி பார்த்தீங்களா?