49 எடுத்தால் போதுமா?

“செப்டம்பர் 16. டி.பி.டி.இ. முதல் இன்டர்னல்: அசைன்மென்ட் 30, டெஸ்ட் 14. மொத்தம் 44. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

என் அக்கா மகனின் டைரி இப்படித்தான் தொடங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். மூன்றாவது செமஸ்டரில் அவன் எழுதியதில் பெரும்பகுதி மார்க் கணக்குதான். எவ்வளவு வந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும், வருமா. அவனிடம் கேட்டுத்தான் படித்தேன். “சிரிக்கக் கூடாது மாமா” என்ற நிபந்தனையோடு கொடுத்தான். சிரிப்பு வரவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தும் அவர்களின் மதிப்பெண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த நோட்டு ஒரு நல்ல பாடப்புத்தகம்.

டி.பி.டி.இ. என்பது கணிதப் பாடம். ஃபோரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், இசட் உருமாற்றம் எல்லாம் அதில் வரும். மூன்றாவது செமஸ்டரில் பலரைக் கவிழ்ப்பது அதுதான் என்பது மாணவர்களின் பேச்சு.

2021 ஒழுங்குமுறைப்படி, எழுத்துத் தேர்வு மட்டும் உள்ள ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண்ணில் 40 கல்லூரிக்குள்ளேயே தீர்மானமாகிறது. அதுதான் இன்டர்னல். மீதி 60 பல்கலைக்கழகம் நடத்தும் செமஸ்டர் தேர்வுக்கு. இன்டர்னலுக்காக இரண்டு மதிப்பீடுகள் நடக்கும். ஒவ்வொன்றிலும் அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு 40, எழுத்துத் தேர்வுக்கு 60. இரண்டும் சேர்ந்த 200ஐ ஐந்தால் வகுத்தால் இன்டர்னல் கிடைத்துவிடும். செமஸ்டர் தேர்வை 100க்கு எழுதுவார்கள். அது 60க்குச் சுருக்கப்படும்.

தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இன்டர்னலும் செமஸ்டரும் சேர்ந்து 50 வர வேண்டும். அதோடு, செமஸ்டர் தேர்வில் தனியாக 45 சதவீதமாவது எடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பையன் முதலில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. மெட்டலர்ஜி பாடத்தில் அவனுக்கு இன்டர்னல் 33 வரும் போலிருந்தது. இரும்பு–கார்பன் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். டைரியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறான்: “50 – 33 = 17. 17 ÷ 0.6 = 28.3. செமஸ்டர்ல 29 எடுத்தா போதும்!!!” மூன்று ஆச்சரியக்குறிகள்.

நான்கு நாள் கழித்து அதே பக்கத்தில் 29ஐ அடித்துவிட்டு 45 என்று எழுதியிருக்கிறான். ஹாஸ்டலில் ஒரு சீனியர் சொல்லித்தான் தெரிந்ததாம். “33 இருந்தாலும் 40க்கு 40 இருந்தாலும் 45தான்டா” என்றாராம் அந்த அண்ணன். ஆக, மூன்று ஆச்சரியக்குறிகளின் தெம்பில் மெட்டலர்ஜி புத்தகத்தை நான்கு நாள் மூடி வைத்திருந்திருக்கிறான்.

அந்த அண்ணன் சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். 45 எடுத்தால் அது 60க்கு 27 ஆகிறது. 50ஐத் தொட இன்னும் 23 வேண்டும். அதனால் இன்டர்னலில் 23 என்பது ஒரு வரப்பு. அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பாஸாவதற்கு வேண்டிய செமஸ்டர் மார்க் 45க்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே போனால் நிலைமை வேகமாக மோசமாகும். இன்டர்னலில் 3 குறைந்தால் செமஸ்டரில் 5 கூடுதலாக எடுத்தாக வேண்டும். பையனின் அறைத்தோழனுக்கு இன்டர்னல் 12. அவன் வெறுமனே தேறுவதற்கே 64 வேண்டும். அரியர் வைத்தால் அடுத்த முறை செமஸ்டர் தேர்வை மட்டும்தான் மறுபடி எழுத முடியும். பழைய இன்டர்னலே தொடரும். அடுத்த முறையும் அவனுக்கு 64தான். செப்டம்பரில் ஒரு அசைன்மென்டைக் கொடுக்காமல் விட்டதற்கு மறு வருஷம் வரை வட்டி கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி டி.பி.டி.இ. முதல் மதிப்பீட்டில் 44. இரண்டாவதிலும் அதே வந்தால் மொத்தம் 88, இன்டர்னல் 18. அப்படியானால் செமஸ்டரில் 54 வேண்டும். 23ஐப் பிடிக்க வேண்டுமென்றால் மொத்தம் 115 வேண்டும். அதாவது இரண்டாவது மதிப்பீட்டில் 71. அசைன்மென்டில் 36 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, டெஸ்டில் 35 என்று இலக்கு எழுதியிருக்கிறான். கிடைத்தது 27. மொத்தம் 107, இன்டர்னல் 21. “வேண்டியது 29. 29 ÷ 0.6 = 48.3. ஆக 49.” அன்றைய பதிவில் வேறெதுவும் இல்லை.

இலக்கு தவறியது அவனுக்குப் பெரிய இடி. என் பார்வையில் அந்த டெஸ்டால் வந்த லாபம்தான் பெரிது. 54 தேவைப்பட்ட இடத்தில் இப்போது 49 போதும். 23ஐப் பிடித்திருந்தாலும் 45 வேண்டியிருந்திருக்கும். வித்தியாசம் நாலே மார்க்.

49 எங்கிருந்து வரும்? இந்த இடத்தில்தான் டைரி சுவாரஸ்யமாகிறது. வினாத்தாளின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து பதினாறு மார்க் கேள்விகள். பாடத்தில் ஐந்து யூனிட். ஒரு யூனிட்டுக்கு இரண்டு சின்னக் கேள்வி, ஒரு பெரிய கேள்வி. ஆக 20 மார்க். பெரிய கேள்வியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதை வைத்துத்தான் ஹாஸ்டல்களில் ‘மூணு யூனிட் படிச்சா பாஸ்’ என்ற வேதவாக்கு உலவுகிறது. மூன்று யூனிட்டுக்கு 60 மார்க் உண்டு, உண்மைதான். ஆனால் படித்த யூனிட்டில் யாருக்கும் முழு மார்க் விழுவதில்லை. முக்கால் பங்கு கிடைத்தாலே நல்ல மாணவன். அந்தக் கணக்கில் 45தான் வரும், 49ஐ எட்டாது. நான்கு யூனிட் என்றால் 80இல் முக்கால் பங்கு 60. இங்கேதான் மூச்சு வருகிறது.

பையன் இந்த வாக்கை நம்பவில்லை. ஒவ்வொரு யூனிட்டிலும் தனக்கு நிஜமாக எவ்வளவு வரும் என்று எழுதிப் பார்த்திருக்கிறான். ஃபோரியர் தொடரில் 14, இசட் உருமாற்றத்தில் 13, பகுதி வகைக்கெழுவில் 10, ஃபோரியர் உருமாற்றத்தில் 8, பகுதி வகைக்கெழுவின் பயன்பாடுகள் யூனிட்டில் 4. கூட்டினால் சரியாக 49. “ஒரு மைனஸ் மாறினா அரியர்” என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருக்கிறான்.

நவம்பரில் கல்லூரி மாடல் தேர்வு வைத்தது. அவனுக்கு வந்தது 41. இன்டர்னலில் சேராத தேர்வு என்பதால் பலர் அதை ஒப்புக்குத்தான் எழுதுவார்கள். ஆனால் தன் கணிப்பு எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. 8 மார்க் எங்கே போனது என்று விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். இரண்டு காரணங்கள் தெரிந்தன. இரண்டு மார்க் கேள்விகளுக்கே முக்கால் மணி நேரம் போய்விட்டது. மூன்று மணி நேரத்தில் 20 மார்க்குக்கு அது அதிகம். இன்னொன்று, நன்றாகத் தெரியும் என்று நம்பிய ஃபோரியர் தொடரில் பகுதித் தொகையிடல் செய்யும்போது குறி மாறி, அதற்கடுத்த வரிகள் எல்லாம் தப்பாகிவிட்டன. தெரியாத பாடத்தில் போன மார்க்கைவிடத் தெரிந்த பாடத்தில் போனது அதிகம்.

அதன் பிறகு டைரியின் தொனி மாறுகிறது. தேவைப்படும் மார்க்கை மறுபடி மறுபடி எழுதுவது நின்றுபோய், வேலைகளின் பெயர்கள் வருகின்றன. பயன்பாடுகள் யூனிட் முழுக்க விளங்காது என்று அவனுக்கே தெரியும். அதில் அதிரும் கம்பியைப் பற்றிய கணக்கு ஒன்று எப்போதும் வரும். முழுதாகப் போட்டால் இரண்டு பக்கம் ஓடும். அதன் முதல் பாதி மட்டும் எல்லாக் கணக்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சமன்பாட்டை எழுதுவது, கம்பியின் இரு முனையும் அசையாது என்பது போன்ற நான்கு எல்லை நிபந்தனைகளை எழுதுவது, மூன்று தீர்வுகளில் பொருந்துவதை எடுத்து மாறிலிகளை ஒவ்வொன்றாக நீக்குவது. திருத்துபவர்கள் படிப்படியாகத்தான் மார்க் போடுகிறார்கள். அந்தப் பாதியை மட்டும் பத்து நாள் தினமும் ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கிறான். “விடை வரலன்னாலும் 6 வரும்” என்பது அவன் கணக்கு. இரண்டு மார்க் கேள்விகளுக்கு 30 நிமிடம் என்று அலாரம் வைத்துப் பழகினான். ஃபோரியர் தொடரில் விடை வந்ததும் நிற்காமல், குறிகளை மட்டும் சரிபார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்கினான்.

கிரேடு கணக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறான். அது வீண்வேலை. ஒரு பாடத்தில் தேறியவர்கள் 30 பேருக்குள் இருந்தால்தான் 91 முதல் ஓ, 81 முதல் 90 வரை ஏ பிளஸ் என்று நிலையான வரம்புகள் பொருந்தும். அதற்கு மேல் இருந்தால் தேறியவர்களின் மார்க் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வைத்து கிரேடு போடுகிறார்கள். பாஸாக எவ்வளவு வேண்டும் என்று மாணவன் தாளில் கணக்குப் போட்டுவிடலாம். எந்த எழுத்து வரும் என்பது மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்தது. அது அவன் நோட்டில் அடங்காது. இன்டர்னலில் 23க்கு மேல் எடுத்த மார்க் பயன்படுவதும் இந்த இடத்தில்தான். பாஸுக்கு உதவாத மெட்டலர்ஜியின் அந்த 10 மார்க், கிரேடில் அவனை மேலே தூக்கும்.

தேர்வு நாளில் எழுதியது சுருக்கம். “கம்பிக் கணக்கு வந்துச்சு. பாதி போட்டேன். ஃபோரியர்ல குறி பார்த்தேன், ஒண்ணு தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன். 52 வரும்னு நினைக்கிறேன்.” பிறகு ரிசல்ட் வரும் வரை பக்கங்கள் காலி.

டி.பி.டி.இ.யில் சி கிரேடு, மெட்டலர்ஜியில் ஏ. அக்கா அன்று கேசரி கிளறினாள். பையனுக்கு மட்டும் ஒரு குறை. ரிசல்டில் எழுத்துதான் வருகிறது, செமஸ்டரில் எடுத்த மார்க் வருவதில்லை. 52 என்று தான் போட்ட கணக்கு சரியா என்று பார்க்க வழியில்லை. விடைத்தாளின் நகலுக்குப் பணம் கட்டி விண்ணப்பித்தால் தெரிந்துகொள்ளலாம். தோற்றவர்கள் மறுமதிப்பீட்டுக்குப் போகும் முன் அதைத்தான் செய்வார்கள். பாஸான பாடத்துக்கு எதற்கு என்று அக்கா மறுத்துவிட்டாள்.

“உன் மாமாகிட்ட கேளு, தருவார்” என்று வேறு சொல்லியிருக்கிறாள்.