91க்கு ஏ1, அதே 91க்கு ஏ2: எப்படி?

மே மாதம் சி.பி.எஸ்.இ. முடிவுகள் வந்ததும் பெசன்ட் நகர் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி இது: ஒரு பாடத்தில் 91க்கு ஏ1, இன்னொரு பாடத்தில் அதே 91க்கு ஏ2. ஏன்?

காரணம், அங்கே கிரேடுக்கு நிலையான மதிப்பெண் எல்லை கிடையாது. ஒரு பாடத்தில் தேறிய எல்லோரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்துகிறார்கள். மேலிருந்து முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த பங்குக்கு ஏ2 என்று டி2 வரை எட்டுப் பிரிவுகள். தேறாதவர்களுக்கு ஈ. ஆக, ஏ1 எல்லை என்பது ஏறக்குறைய 87.5ஆவது நூற்றுமானம்.

சிக்கல் சம மதிப்பெண்களில்தான். ஒரு கற்பனைக் கணக்கு: 800 பேர் தேறியிருந்தால் ஏ1க்கு 100 இடம். 95ம் அதற்கு மேலும் பெற்றவர்கள் 88 பேர். 94 பெற்றவர்கள் 30 பேர். எல்லைக்கோடு இந்த முப்பது பேரை 12, 18 என்று பிரிக்கிறது. ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு கிரேடு தரக்கூடாது என்பது விதி; சிறிய பகுதி பெரிய பகுதியோடு சேர வேண்டும். எனவே 30 பேருக்குமே ஏ2. எல்லை 95 ஆகிறது, ஏ1 பெறுவோர் 88 பேர்தான்.

வரிசைப்படுத்தாமல், சராசரியையும் திட்ட விலக்கத்தையும் வைத்தே எல்லையைக் கணிக்கலாமே? மதிப்பெண்கள் மணி வடிவ இயல்நிலை வளைகோட்டில் அமைந்தால் கணிக்கலாம். அதில் மேல் எட்டில் ஒரு பங்கு, சராசரிக்கு மேல் 1.15 திட்ட விலக்கத்தில் தொடங்கும். சராசரி 70, விலக்கம் 15 என்றால் எல்லை சுமார் 87.

ஆனால் வினாத்தாள் எளிதாக இருந்தால் பலரும் தொண்ணூறுகளில் குவிவார்கள். சிலர் மட்டும் வெகு கீழே இருப்பார்கள். சராசரி 80, விலக்கம் 18 என்று வைத்தால் எல்லை 100.7! நூறு வாங்கியவருக்கும் ஏ1 கிடையாது. சராசரி, இடைநிலை அளவைவிட நன்றாகக் கீழே இருந்தால் வளைகோடு சாய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம் 2021 விதிமுறைகளில் இதற்காகவே, தேறியவர்களின் மதிப்பெண்களை முதலில் பாக்ஸ்-காக்ஸ் உருமாற்றத்தால் இயல்நிலைக்கு அருகே கொண்டுவந்து, பிறகு கிரேடு எல்லைகளை வகுக்கிறது.

எந்த முறைக்கும் ஆள் எண்ணிக்கை வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 30 பேருக்கு மேல் இல்லாவிட்டால் நிலையான எல்லைகள்தான். சி.பி.எஸ்.இ.யில் தேறியவர்கள் 500க்குக் குறைந்தால், அதைப் போன்ற வேறு பாடங்களின் கிரேடு பரவலைப் பின்பற்றுகிறார்கள்.

இந்தக் கிரேடு சொல்வது, உடன் எழுதியவர்களிடையே பிள்ளை நிற்கும் இடத்தை மட்டுமே. பாடம் எவ்வளவு தெரியும் என்பதை அது சொல்லாது. ஏ2 பார்த்துப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், பக்கத்தில் அச்சாகியிருக்கும் 91ஐயும் பாருங்கள்.