பங்கு உடைந்தால், நிறுவனம் கைமாறினால்… கையிலுள்ள ஆப்ஷன் என்னவாகும்?

கைத்தொலைபேசிச் செயலி வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்கும் பழக்கம் நம்மவர்களிடையே பரவிவிட்டது. இரவு ஒன்பதரைக்கோ பத்தரைக்கோ நியூயார்க் சந்தை திறந்ததும் விலையைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் பலர். அவர்களில் சிலர் பங்கோடு நிற்காமல் ஆப்ஷனுக்கும் போயிருக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்குள், குறிப்பிட்ட விலைக்கு, ஒரு பங்கை வாங்கும் உரிமை 'கால்' எனப்படும். விற்கும் உரிமை 'புட்' எனப்படும். அந்தக் குறிப்பிட்ட விலைதான் ஸ்ட்ரைக். வழக்கமாக ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு உரியது.

இதுவரை எளிது. ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே அந்த நிறுவனம் பங்கைப் பிரித்தாலோ, பல பங்குகளை ஒன்றாகச் சேர்த்தாலோ, இன்னொரு நிறுவனத்திடம் விலை போனாலோதான் குழப்பம் தொடங்குகிறது. அமெரிக்கச் சந்தையில் இதற்கு விடை சொல்வது பங்குத் தரகரோ அந்த நிறுவனமோ அல்ல. சிகாகோவில் உள்ள ஆப்ஷன்ஸ் கிளியரிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக OCC, எல்லா ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கும் நடுவில் நின்று பொறுப்பேற்கும் அமைப்பு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் அது தனி அறிக்கை வெளியிடும். ஒப்பந்தத்தை வாங்கியவருக்கும் விற்றவருக்கும் முதல் நாள் இருந்த நிலையே மறுநாளும் இருக்க வேண்டும், யாருக்கும் இலவச லாபமோ நட்டமோ வரக்கூடாது என்பதுதான் அடிப்படை நோக்கம்.

எளிதான வகையை முதலில் பார்த்துவிடலாம். 2024 ஜூன் மாதம் நிவிடியா நிறுவனம் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. 1,200 டாலரைச் சுற்றி நின்ற பங்கு, ஜூன் 10 அன்று 120 டாலரைச் சுற்றி விற்பனைக்கு வந்தது. 1,200 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால் வைத்திருந்தவரின் கணக்கில், மறுநாள் 120 டாலர் ஸ்ட்ரைக்கில் பத்து கால்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வழக்கம்போல் 100 பங்குகளுக்கு. முன்பு 100 பங்குக்கு 1,20,000 டாலர் கட்ட வேண்டும். இப்போது 1,000 பங்குக்கு அதே 1,20,000 டாலர். கேக்கைப் பத்துத் துண்டாக வெட்டியதுபோல்தான், எடை மாறவில்லை. இப்படி ஒன்று முழு எண்ணாகப் பெருகும் பிரிப்புகளில் பயப்பட எதுவும் இல்லை.

சிக்கல் வருவது எதிர்த்திசையில். பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும்போது ஒப்பந்தங்களின் எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க முடியாது. ஒரே ஓர் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு என்ன செய்வது? பத்தில் ஒரு ஒப்பந்தம் என்று ஒன்று கிடையாதே. அதனால் ஒப்பந்தமும் ஸ்ட்ரைக்கும் அப்படியே விடப்படுகின்றன. மாறுவது கடைசியில் கைமாறும் பொருள் மட்டும்.

2011 மே மாதம் சிட்டிகுரூப் வங்கி செய்தது இதற்கு நல்ல உதாரணம். நிதி நெருக்கடிக்குப் பிறகு அதன் பங்கு நாலரை டாலர் அளவில் கிடந்தது. பத்துப் பங்குகளை ஒன்றாகச் சேர்த்ததும், மே 9 அன்று விலை 44 டாலர் அளவுக்கு வந்தது. வங்கி ஒரே இரவில் பத்து மடங்கு வளர்ந்துவிடவில்லை, பங்குகளின் எண்ணிக்கை பத்தில் ஒன்றானது, அவ்வளவே.

அதற்கு முன் 4 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு கால் வாங்கியிருந்தவரை எடுத்துக்கொள்வோம். அவர் கையில் இன்னமும் ஒரு கால், ஸ்ட்ரைக் இன்னமும் 4 டாலர். உரிமையைப் பயன்படுத்தினால் கட்ட வேண்டியதும் பழையபடி 100 பெருக்கல் 4, அதாவது 400 டாலர். ஆனால் கிடைப்பது 100 பங்குகள் அல்ல, புதிய பங்குகள் 10 மட்டுமே. பங்கு 44 டாலர் என்றால் அவற்றின் மதிப்பு 440 டாலர். லாபம் 40 டாலர். சேர்ப்புக்கு முன் பங்கு 4.40 டாலராக இருந்தாலும் இதே 40 டாலர்தான் கிடைத்திருக்கும்.

பழைய ஒப்பந்தங்களைத் தனியாக அடையாளம் காட்ட, குறியீட்டின் பின்னால் ஓர் எண் ஒட்டப்படும். சிட்டிகுரூப்பின் குறியீடு C. மாற்றப்பட்ட பழைய ஒப்பந்தங்கள் C1 ஆயின. அதே சமயம் 40, 45 என்ற அளவில் ஸ்ட்ரைக் கொண்ட, 100 பங்குகளுக்கான புதிய வழக்கமான ஒப்பந்தங்களும் C என்ற பெயரில் திறக்கப்பட்டன. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் நிற்கும்.

புதிதாக வருபவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 44 டாலர் பங்கை 4 டாலருக்கு வாங்கும் உரிமை வெறும் 45 காசுக்குக் கிடைக்கிறது என்று திரை காட்டும். நாற்பது டாலர் வித்தியாசம் இருக்கிறதே, விற்பவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று தோன்றும். கெடவில்லை. அந்த 45 காசை 100 ஆல் பெருக்கி 45 டாலர் கட்டி அவர் வாங்குவது பத்துப் பங்குக்கான உரிமை. அதன் உள்மதிப்பு 40 டாலர், மீதி ஐந்து டாலர் காலத்துக்கான விலை. ஆப்ஷன் சந்தையில் நம்ப முடியாத மலிவு தென்பட்டால், முதலில் குறியீட்டின் கடைசியில் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அநேகமாக இருக்கும்.

இதைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் பங்குகளைச் சந்தை விலையால் பெருக்கி, கூடவே ரொக்கம் வருமானால் அதையும் கூட்டி, 100 ஆல் வகுக்க வேண்டும். வரும் விடையைத்தான் ஸ்ட்ரைக்கோடு ஒப்பிட வேண்டும், திரையில் ஓடும் பங்கு விலையை அல்ல. சிட்டிகுரூப்புக்கு 10 பெருக்கல் 44, வகுத்தல் 100, விடை 4.40. ஸ்ட்ரைக் 4. இப்போது புரிகிறது.

நிறுவனங்கள் இணையும்போதும் இதே கணக்குதான் கைகொடுக்கும். 2024 மே மாதம் எக்ஸான்மோபில், பயனியர் என்ற எண்ணெய் நிறுவனத்தை வாங்கியது. பணம் தரவில்லை, ஒவ்வொரு பயனியர் பங்குக்கும் 2.3234 எக்ஸான் பங்குகள் கொடுத்தது. அப்படியானால் 100 பயனியர் பங்குகளுக்கு 232.34 எக்ஸான் பங்குகள். பழைய பயனியர் ஆப்ஷன் ஒவ்வொன்றும் 232 எக்ஸான் பங்குகளையும், மிச்சமுள்ள 0.34 பங்குக்கு ஈடான ரொக்கத்தையும் கைமாற்றும் ஒப்பந்தமாக மாறியது. ஸ்ட்ரைக் மாறவில்லை.

எக்ஸான் பங்கு 115 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 250 டாலர் ஸ்ட்ரைக்கில் ஒரு பழைய பயனியர் கால் இருக்கிறது. 115 டாலர் பங்கை 250 டாலருக்கு யார் வாங்குவார், இது குப்பை என்று நினைத்துச் சொற்ப விலைக்குத் தள்ளிவிடுபவர் உண்டு. கணக்குப் போட்டால், 232 பங்குகளின் மதிப்பு 26,680 டாலர். துண்டுப் பங்குக்கான ரொக்கம் சுமார் 39 டாலர். மொத்தம் 26,719. கட்ட வேண்டியது 25,000. குப்பை என்று நினைத்தது 1,719 டாலர் பெறும்.

கால் விற்றவர்களுக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. கையில் 100 பயனியர் பங்குகளை வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு கால் விற்று மாத வருமானம் பார்த்தவர் என்று கொள்வோம். இணைப்புக்குப் பின் அவர் கணக்கில் 232 எக்ஸான் பங்குகள் வந்து விழுகின்றன. ஒரு காலுக்கு 100 பங்கு போதுமே என்று பழைய நினைப்பில் 132 பங்குகளை விற்றுவிட்டால், அவர் விற்ற கால் பாதிக்குமேல் பாதுகாப்பின்றி நிற்கும். வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்தும் நாளில் 232 பங்குகளையும் கொடுத்தே ஆக வேண்டும். விற்ற 132 பங்குகளை அன்றைய விலைக்கு, அது எவ்வளவாக இருந்தாலும், திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.

முழுக்க ரொக்கத்துக்கு விலைபோகும் நிறுவனத்தின் கதை வேறு. இதில் கணக்கு எளிது, ஆனால் வலி அதிகம். மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் பிளிசார்டை ஒரு பங்குக்கு 95 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கும் வேலை 2023 அக்டோபர் 13 அன்று முடிந்தது. அந்த நாளோடு பங்கு இல்லை. ஓர் ஒப்பந்தத்தில் கைமாறும் பொருள் இனி 9,500 டாலர் ரொக்கம், அது ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. 90 டாலர் கால் வைத்திருந்தவருக்கு 500 டாலர் நிச்சயம். 100 டாலர் கால் வைத்திருந்தவருக்கு ஒன்றுமில்லை, அதன் முடிவுத் தேதி இன்னும் ஓராண்டுக்கு அப்பால் இருந்தாலும்கூட.

கைமாறும் பொருள் வெறும் ரொக்கமாகிவிட்டால் OCC பழைய முடிவுத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. தேதியை முன்னுக்கு இழுத்துக் கணக்கை முடித்துவிடும். நீண்டகால ஆப்ஷனுக்காகக் கூடுதலாகக் கொடுத்த காலத்துக்கான விலை இதில் கரைந்துபோகும், அதைத் திருப்பித் தர எவரும் கடமைப்பட்டவர் இல்லை. எனவே ரொக்க விலை அறிவிக்கப்பட்ட ஒரு பங்கில், அந்த விலைக்கு மேலான ஸ்ட்ரைக்கில் நீண்டகாலக் கால் வாங்குவது, வேறொருவர் கூடுதல் விலை கேட்டு வருவார் என்ற பந்தயம். அப்படி யாரும் வராமல் இணைப்பு நிறைவேறினால் போட்ட பணம் முழுவதும் போகும்.

மாற்றப்பட்ட ஒப்பந்தங்களில் இன்னொரு தொல்லை, அவற்றுக்கு ஆள் குறைவு. பொதுவாக அவற்றில் புதிய ஸ்ட்ரைக்குகள் திறக்கப்படுவதில்லை. இருப்பவை ஒவ்வொன்றாக முடிந்து மறையும். வாங்குவோர் கேட்கும் விலைக்கும் விற்போர் சொல்லும் விலைக்கும் இடைவெளி அகன்றுபோகும். சந்தை விலைக்கே விற்றுவிடு என்று ஆணை போட்டால் அந்த இடைவெளியில் நல்ல தொகை காணாமல் போகும். தன் விலையைக் குறித்து ஆணை போட்டுவிட்டுக் காத்திருப்பதே மேல். முடியுமானால், மாற்றம் நடைமுறைக்கு வருமுன்பே, ஆள் நடமாட்டம் இருக்கும்போது கணக்கை முடித்துக்கொள்வது இன்னும் மேல். மாற்றம் நடக்கும் முதல் நாளில் சில செயலிகள் லாப நட்டத்தைத் தாறுமாறாகக் காட்டக்கூடும், அதைப் பார்த்துப் பதறி எதையும் விற்க வேண்டியதில்லை.

எல்லா நிகழ்வுக்கும் ஒப்பந்தம் மாற்றப்படும் என்றும் எண்ணக்கூடாது. வழக்கமான காலாண்டு ஈவுத்தொகைக்கு ஸ்ட்ரைக் குறைக்கப்படாது.

துல்லியமான விவரம் OCC இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. Information Memos என்ற பகுதியில் நிறுவனத்தின் குறியீட்டைத் தட்டினால் அறிக்கை வரும். அதில் New Deliverable Per Contract என்ற வரியைப் படித்தால் போதும்: எத்தனை பங்கு, எவ்வளவு ரொக்கம் என்பது அங்கே எழுதியிருக்கும். அதற்கு அருகிலேயே ஸ்ட்ரைக், பெருக்கும் எண், புதிய குறியீடு ஆகியவையும் இருக்கும். செயலியில் தெரியும் எண்ணும் இந்த வரியும் ஒத்துவரவில்லை என்றால், எதையும் வாங்காமல் விற்காமல் முதலில் தரகு நிறுவனத்தைக் கேட்க வேண்டும்.