5ஜி-க்குக் கூடுதல் பணம்... உங்கள் வீட்டுக்கு லாபமா, நஷ்டமா?

புது போன் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது '5ஜி-யா, 4ஜி-யா?' என்பதைத்தான். 5ஜி போனுக்கு ஓரிரு ஆயிரம் கூடுதல். பிறகு ரீசார்ஜுக்கும் கூடுதல். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால், வாசலில் 5ஜி என்று காட்டும் போன், சமையலறையில் 4ஜி-க்கு இறங்கிவிடுகிறது. அப்படியென்றால் கொடுத்த பணம்?

இதற்கு விடை காண, போனுக்கான செலவையும் பிளானுக்கான செலவையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பிளான்: 'அன்லிமிடெட்' எப்போது?

இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. 2024 ஜூலையில் கட்டணங்கள் உயர்ந்தபோது, ஜியோவும் ஏர்டெல்லும் தினம் 2 ஜிபி அல்லது அதற்கு மேல் தரும் பிளான்களுக்கு மட்டுமே அன்லிமிடெட் 5ஜி என்று மாற்றின. அப்போது ஜியோவில் 28 நாள்களுக்கு, தினம் 1.5 ஜிபி பிளான் 299 ரூபாய்; 2 ஜிபி பிளான் 349 ரூபாய். வித்தியாசம் 50 ரூபாய்தான். ஆனால் 28 நாள் கணக்கில் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். ஆக, ஒரு போனுக்கு 650 ரூபாய். வீட்டில் நான்கு போன் என்றால் 2,600 ரூபாய்.

இங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. போன் 5ஜி-யில் இருக்கும்வரைதான் அன்லிமிடெட். 4ஜி-க்கு இறங்கிய நொடியிலிருந்து, பயன்படுத்துவதெல்லாம் அந்த 2 ஜிபி கணக்கில் கழியும். அது தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், வீடியோ ஓடாது. எனவே, சிக்னல் விட்டுவிட்டு வரும் வீட்டில் அந்த 650 ரூபாய்க்குக் கிடைப்பது, பெரும்பாலும் தினம் கூடுதலாக அரை ஜிபி 4ஜி டேட்டா மட்டுமே.

அறைக்குள் ஏன் வருவதில்லை?

நம் ஊரில் 5ஜி வேகத்தைத் தருவது பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதில் நிறைய டேட்டா போகும். ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். ஜியோவிடம் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் இருக்கிறது. அது தூரம் போகும், சுவரையும் தாண்டும். ஆனால் அதன் அகலம் குறைவு என்பதால் வேகமும் குறைவு. '5ஜி என்று காட்டுகிறது, வேகம் மட்டும் இல்லையே' என்ற புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கும் முன் ஒரு சோதனை

நிறுவனங்களின் இணையதளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது. அது தெருவைக் காட்டும். உங்கள் படுக்கையறையைக் காட்டாது. 5ஜி போன் வைத்திருக்கும் உறவினரோ நண்பரோ வரும்போது, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் இரவு 9 மணிக்கு ஸ்பீடு டெஸ்ட் செய்து பாருங்கள். பிறகு அதே போனில் `Preferred network type` பகுதிக்குப் போய், 4ஜி-க்கு மாற்றி இன்னொரு முறை செய்யுங்கள்.

ஹெச்.டி வீடியோவுக்கு 5 எம்பிபிஎஸ் வேகம் போதும். 4ஜி-யிலேயே 10, 15 என்று நிலையாக வந்தால், 5ஜி-யில் 200 வந்தாலும் சீரியல் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. 4ஜி-யில் 2-க்குக் கீழே திணறி, 5ஜி நிலையாக வந்தால், அந்த 50 ரூபாய்க்கு அர்த்தம் உண்டு. பிராட்பேண்ட் இல்லாத வீட்டில் மகள் ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள், தினமும் 3 ஜிபி செலவாகிறது என்றால் நிச்சயம் லாபம். அவளுக்கு மட்டும் பெரிய பிளான், மற்ற மூவருக்குச் சிறிய பிளான் என்று பிரித்தால், வருடத்துக்கு 1,950 ரூபாய் மிச்சம்.

அப்படியானால் போன்?

பிளானை 28 நாளில் மாற்றிக்கொள்ளலாம். போனை அப்படி மாற்ற முடியாது. 2,000 ரூபாய் கூடுதல் கொடுத்து வாங்கி நான்கு வருடம் வைத்திருந்தால், வருடத்துக்கு 500 ரூபாய். அதற்குள் உங்கள் தெருவுக்கு 5ஜி வந்துவிட வாய்ப்பு இருப்பதால், போன் 5ஜி-யாக இருப்பதில் தவறில்லை. அந்தத் தொகையே பாரம் என்றால், 4ஜி போதும் என்று இருப்பதிலும் தவறில்லை.

ஒரு எச்சரிக்கை. ஜியோவின் 5ஜி, 'எஸ்.ஏ' முறையில் இயங்குகிறது. ஏர்டெல் தன் 5ஜி-யை 4ஜி-யைத் துணையாகக் கொண்ட 'என்.எஸ்.ஏ' முறையில் தொடங்கியது. 2024 இறுதியில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி, எஸ்.ஏ முறையை மட்டுமே ஏற்கும்; என்.எஸ்.ஏ 5ஜி அதில் வராது. எனவே மலிவு விலை போன் என்றால், `SA/NSA` இரண்டும், `n28`, `n78` பேண்டுகளும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய பிறகும் வீட்டுக்குள் சிக்னல் வந்து வந்து போனால், போனை 4ஜி-யிலேயே வைத்துவிடுங்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி காலியாவதாவது மிச்சமாகும்.