பெயர்ப் பட்டியலில் இரண்டே செய்திகள்

மத்திய அரசு ஊழியர் ஒருவர் அறுபது வயது நிறைந்த மாதத்தின் கடைசி நாளன்று பிற்பகலில் ஓய்வு பெறுகிறார். ஆகவே ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில், பலர் சேர்ந்து விடைபெறுவது வழக்கம். 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பிறந்த தென் மத்திய ரயில்வே செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டது. இத்தகைய பெரிய ஸ்தாபனங்களில் மாதக் கடைசியில் ஒரே கூட்டம் நடத்தி, ஓய்வூதியப் பத்திரங்களை அனைவருக்கும் அதிலேயே அளித்துவிடுகிறார்கள். பேசுகிறவர் கைக்கு ஒரு பட்டியல் வந்து சேரும். பெயர், பதவி, சேவை ஆண்டுகள். அவ்வளவே. பிரிவுபசார உரை எழுதித் தரும்படி நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்களிடம் அந்தப் பட்டியலை நீட்டுவதும் உண்டு.

பட்டியலில் ஒரு வரி இப்படியிருப்பதாகக் கொள்வோம்: ‘ஸ்டேஷன் சூப்பரின்டென்டென்ட், 36 ஆண்டுகள். ஓய்வு நாள் 2025 மார்ச் 31.’ இவரை நாம் கண்டதில்லை. ‘இன்முகத்தோடு பழகியவர், கடமையே கண்ணாக இருந்தவர்’ என்று எழுத எவருக்கும் கை நீளும். ஆனால் எதிரே அவருடைய மனைவி மக்கள் அமர்ந்திருப்பார்கள். அவர் இன்முகம் காட்டினாரா என்பதை அவர்கள் அறிவார்கள், நாம் அறியோம். அதே சொற்கள் அடுத்த பெயருக்கும் சொல்லப்படும்போது, யாரையும் நாம் பார்க்கவில்லை என்பது சபைக்கே தெரிந்துவிடும்.

அறியாத குணங்களை விட்டுவிட்டு, கையிலிருக்கும் இரண்டு செய்திகளையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025-இலிருந்து 36-ஐக் கழித்தால் 1989. அறுபதிலிருந்து 36-ஐக் கழித்தால் 24. இருபத்துநான்கு வயது இளைஞராக 1989-இல் அவர் ரயில்வேயில் நுழைந்தார். அன்று இந்நாட்டில் நீராவி எஞ்சின்கள் முற்றிலும் மறையவில்லை. ஹைதராபாத்தின் எம்.எம்.டி.எஸ். புறநகர் ரயில் 2003-இல்தான் ஓடத் தொடங்கியது; அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. இப்போது ஒரு மனிதரின் உருவம் மெல்லப் புலப்படத் தொடங்குகிறது.

அடுத்தது பதவி. நிலைய அதிகாரியின் வேலை கொடி காட்டுவது மட்டுமன்று. ஒரு ரயிலைத் தம் நிலையத்திலிருந்து விடுமுன் அடுத்த நிலையத்திடம் ‘லைன் கிளியர்’ பெறவேண்டும்; அதாவது இடையிலுள்ள பாதை காலியாயிருக்கிறது என்ற ஒப்புதல். லெவல் கிராசிங் கதவு மூடப்பட்டதற்குத் தொலைபேசியில் வரும் வாய்ச்சொல் போதாது என்று கருதும் இடங்களில், ஒவ்வொரு முறையும் ஓர் அடையாள எண் பெற்றுப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ‘பிரைவேட் நம்பர்’ என்பது அதற்குப் பெயர். போக்குவரத்து மிகுந்த நிலையங்களில் எட்டு மணி நேர முறைப்பணி. வாரத்தில் ஆறு முறை. சுழற்சியாக வருவதால் அவற்றுள் இரண்டு இரவில் அமையும். விடுப்பு நாட்களைக் கழித்து ஆண்டுக்குத் தொண்ணூறு இரவுகள் என்று வைத்தால், 36 ஆண்டுகளில் 3,000-க்கும் மேல் ஆகும்.

இங்குதான் எச்சரிக்கை வேண்டும். ஓய்வு பெறும்போதுள்ள பதவி, சேர்ந்தபோதிருந்த பதவி அன்று. சூப்பரின்டென்டென்ட் ஆனபின் அவர் பகல் பணியே பார்த்திருக்கலாம். இடையில் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். முப்பத்தாறு ஆண்டுகளையும் ஒரே நிலையத்தில் கழித்திருக்கவும் மாட்டார். ஆகவே 3,000 என்று அடித்துச் சொல்லலாகாது. ‘எண்ணற்ற இரவுகள்’ என்பதும் வெறும் அலங்காரமே. பணிக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கே முறைப்பணி என்று கொண்டாலும் ஆயிரம் இரவுகளுக்குக் குறையாது. குறைந்த கணக்கைச் சொன்னால் உண்மை நம் பக்கம் இருக்கும். கேட்பவர் மனத்தில் அது தானாகவே பெருகும்.

இதற்குத் தமிழ் இலக்கணமும் கைகொடுக்கிறது. ‘இவர் விழித்திருந்தார்’ என்பது சாட்சி கூறுவது. நாம் சாட்சிகள் அல்லர். ‘இப்பணியில் இருப்பவர் விழித்திருக்க வேண்டும்’ என்பது பணியைப் பற்றிய உண்மை. வாக்கியத்தின் எழுவாயை ஆளிலிருந்து பணிக்கு மாற்றிவிட்டால், பொய்யும் இல்லை, புகழ்ச்சியும் குறைவதில்லை. எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு விதமாகச் சோதிக்கலாம். பட்டியலில் அடுத்தவருக்கும் அது பொருந்துமா? பொருந்தினால் நீக்கலாம். வீட்டார் அதை மறுக்க இடமுண்டா? உண்டென்றாலும் நீக்கலாம்.

ஹைதராபாத்தில் வாழும் நாம் கவனிக்கவேண்டியது இன்னொன்று உண்டு. நம் பெயருக்கு முன்னுள்ள எழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும். தெலுங்கு நண்பர்களின் பெயருக்கு முன்னுள்ளது வீட்டுப் பெயர், வம்சத்துக்குரியது. அதை விரித்து ‘இன்னாரின் புதல்வர்’ என்று அழைத்துவிட்டால் சபை முகம் சுளிக்கும். பெயரின் பிற்பகுதியைச் சொல்லி ‘காரு’ என்று சேர்த்தால் மரியாதை நிறைவாகும். உருது பேசும் நண்பராயின் ‘சாஹிப்’. கூட்டத்துக்கு முன் அவரிடமே ‘தங்கள் பெயரை எப்படிச் சொல்வது?’ என்று கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இவ்வளவையும் சேர்த்தால் உரை இப்படி அமையும்:

“பெரியோர்களே, 1989-ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயதில், இவர் ரயில்வேயில் சேர்ந்தார். நீராவி எஞ்சின்கள் விடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. இன்று அறுபதாம் வயதில் அவரே விடைபெறுகிறார். நிலைய அதிகாரியின் பணியை நாம் பார்ப்பதில்லை. ரயில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால், வழியில் ஒருவர் விழித்திருந்தார் என்று எந்தப் பயணியும் நினைப்பதில்லை. இப்பணியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவருக்கே ஆயிரம் இரவுகள் அப்படிக் கழிந்திருக்கும். அந்த இரவுகளை வீட்டில் தனியே கழித்த குடும்பத்தாரும் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கும் நம் வணக்கம். ஐயா, தங்களுக்கு நன்கு நினைவிருக்கும் நிலையம் எது என்று தாங்களே எங்களுக்குச் சொல்லவேண்டும்.”

முடிவிலுள்ள வேண்டுகோள் உபசாரத்துக்காக வைத்ததன்று. நாம் அறியாததை அறிந்தவர் அவர் ஒருவரே. பேச்சை அவர் கையில் ஒப்படைப்பதே முறை. ஒன்றரை நிமிஷத்தில் நம் பங்கு முடிந்து, மீதி நேரம் அவருடையதாகிறது. பேச விரும்பாதவராயின் புன்னகையோடு கைகூப்புவார், அப்போதும் குறையொன்றுமில்லை. கேள்வியை ஒரு முறைக்குமேல் வற்புறுத்தலாகாது.

பணி ஓய்வு பெற்றவரை இவ்வூர் உருதுவில் ‘சபுக்தோஷ்’ என்பார்கள். தோள் இலேசானவர் என்பது அதன் நேர்ப்பொருள். தோளிலிருந்து இறங்கிய சுமை இன்னதென்று சபைக்கு எடுத்துக் காட்டுவதே பேசுகிறவரின் வேலை. அதற்குப் பதவியும் ஆண்டுகளும் போதும்.